"யாருங்க?": வாசலில் நிற்பவர் முகம் தெரியாதபோது என்ன பேசுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் புறநகரில் நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் ஐந்து வருடம் சங்கச் செயலாளராக இருந்தேன். அந்த ஐந்து வருடத்தில் வந்த புகார்களில் தண்ணீருக்கும் பார்க்கிங்குக்கும் அடுத்தபடியாக வந்தது இண்டர்காம் புகார்தான். "என்னைக் கேட்காமலே மேலே அனுப்பிட்டாங்க", "என் அண்ணனையே கேட்டில் நிறுத்திட்டாங்க", "யாருன்னே தெரியாம கதவைத் திறந்துட்டேன்" என்பார்கள். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இயந்திரம் ஒழுங்காகத்தான் இருக்கும், பேச்சுதான் வழுக்கியிருக்கும். கேமரா இல்லாமல் குரல் மட்டும் கேட்கும் இண்டர்காம், தனி வீடுகளில் கேட்டில் மாட்டும் ஆடியோ டோர்ஃபோன், வெறும் காலிங்பெல் ஆகிய மூன்றையும் மனதில் வைத்து, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

மணி அடித்ததும் முதலில் என்ன சொல்லணும்? "யாரு"ன்னு கேட்டா மரியாதைக் குறைவா இருக்காதா?

"யாரு?" என்று ஒற்றைச் சொல்லாகக் கேட்டால் அதட்டல் போலத்தான் விழும். நேரில் என்றால் முகத்தில் உள்ள சிரிப்பு அதைச் சமன் செய்துவிடும். கம்பி வழியாகப் போகும்போது சிரிப்பு போய்ச் சேராது, சொல் மட்டும்தான் போகும். அதனால் "யாருங்க?" என்று கேளுங்கள். அந்த "ங்க" ஒன்று போதும், வந்தவர் பெரியவரா சின்னவரா என்று யோசிக்க வேண்டியதே இல்லை. பத்து வயதுப் பையன் மணி அடித்திருந்தாலும் "யாருங்க" அவனுக்குப் பொருந்தும். எழுபது வயதுச் சித்தப்பா நின்றிருந்தாலும் குறையில்லை.

அதோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "யாருங்க? யாரைப் பார்க்கணும்?" இரண்டும் சேர்ந்து வரும்போது வந்தவர் தன் பெயரையும் வந்த காரியத்தையும் தானாகச் சொல்ல ஆரம்பிப்பார். முதல் கேள்வி மட்டும் என்றால் பெயரோடு நின்றுவிடுவார், பிறகு நாம் ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டியிருக்கும்.

"ஹலோ" வேண்டாம் என்பது என் கருத்து. ஹலோவுக்கு ஹலோதான் பதிலாக வருகிறது. இரண்டு பக்கமும் இரண்டு முறை ஹலோ சொல்லி முடிக்கும்போது இன்னும் யார் என்றே தெரிந்திருக்காது. அதேபோல "கோபாலன் வீடுங்க, சொல்லுங்க" என்று நம் பெயரைச் சொல்லித் தொடங்கும் பழக்கம் அந்தக்கால லேண்ட்லைனில் இருந்து வந்தது. டெலிபோனில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது, தவறான எண் என்றால் உடனே தெரிந்துவிடும். வாசலில் அதே பழக்கம் இருந்தால், பெயர் தெரியாமல் வந்தவனுக்கு நாமே பெயரை எடுத்துக் கொடுத்ததாகிவிடும். அடுத்த வாக்கியத்திலேயே "கோபாலன் சார்தானே?" என்று தெரிந்தவன் போலப் பேசுவான்.

கேட்டா "நான்தான்"னு மட்டும் சொல்றாங்க. திரும்பக் கேட்டா கோவிச்சுக்குறாங்க. என்ன பண்றது?

இதுதான் நம் ஊரின் நிஜமான சிக்கல், இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

திண்ணையும் திறந்த கதவும் இருந்த வீடுகளில் "நான்தான்" என்பது முழுமையான பதில். குரலைக் கேட்டதுமே ஆள் தெரிந்துவிடும். என் குரல் உனக்குத் தெரியும் என்ற உறவுரிமை அதில் இருக்கிறது. அதனால்தான் "நான்தான்"னு சொன்னவரிடம் மறுபடி "யாரு?" என்றால், என் குரல்கூட உனக்கு மறந்துவிட்டதா என்று அவருக்குச் சுருக்கென்று இருக்கிறது. அந்த வருத்தத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் சின்ன ஸ்பீக்கர் வழியாக வரும் குரலில் பாதிதான் மிச்சமிருக்கும். சொந்த அண்ணன் குரலும் கூரியர் பையன் குரலும் அதில் ஒன்றுபோலக் கேட்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆகவே பழியை இயந்திரத்தின் மேல் போடுங்கள். "இந்த ஸ்பீக்கர்ல குரல் தெளிவா வரலைங்க, பேரைச் சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். அது பொய்யும் இல்லை. வந்தவர் தன்னை மறந்துவிட்டதாக நினைக்க மாட்டார், ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டே பெயரைச் சொல்வார். உறவினராக இருக்கலாம் என்று தோன்றினால் "எங்கிருந்து வர்றீங்க?" என்பதையும் சேர்க்கலாம். நம் ஊரில் அது சந்தேகக் கேள்வி கிடையாது, குசலம் விசாரிக்கும் கேள்வி. "நான் திண்டிவனத்துல இருந்து வர்றேம்மா, உங்க அத்தை பையன்" என்று தானாக விவரம் வந்துவிடும்.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம். அது நாமே பெயரை ஊகித்துக் கேட்பது. "யாரு, ரமேஷா?" என்றால் "ஆமாங்க" என்று பதில் வரும். அது ரமேஷாக இருந்தாலும் அதே பதில்தான், இல்லாவிட்டாலும் அதே பதில்தான். எங்கள் குடியிருப்பில் தெரியாத ஆள் மேலே வந்த சம்பவங்களை விசாரித்தபோதெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் வந்து நின்றோம். "ஏசி மெக்கானிக்கா?" "ஆமா." "காலையில ஃபோன் பண்ணினது நீங்கதானா?" "ஆமா." கேட்டவரே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருப்பார், வந்தவர் ஆமாம் போட்டதைத் தவிர எதுவும் செய்திருக்க மாட்டார். ஆமாம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளை விட்டுவிட்டு யார், என்ன, எங்கிருந்து, யாரை என்று தொடங்கும் கேள்விகளை மட்டும் கேட்டுப் பழகுங்கள். ஏசி மெக்கானிக்கை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாலும் "என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்றே கேளுங்கள். உண்மையான மெக்கானிக்குக்கு வீட்டுக்காரர் பெயரும் எந்த வேலைக்காக வந்தோம் என்பதும் தெரிந்திருக்கும்.

நான் சொல்ற முதல் வார்த்தை அவங்களுக்குக் கேட்கவே மாட்டேங்குது. மெஷின் கோளாறா?

பெரும்பாலும் கோளாறு இல்லை. ரிசீவரைக் காதில் வைத்துப் பேசும் இண்டர்காமில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம். ஆனால் சுவரில் மாட்டி, பொத்தானை அழுத்தி, ஸ்பீக்கரில் பேசும் வகைகளில் பல ஒரு நேரத்தில் ஒரு பக்கக் குரலை மட்டுமே கடத்தும். நீங்கள் பேச ஆரம்பித்ததும் அது திசை மாறிக்கொள்ள ஒரு கணம் எடுக்கும், அந்தக் கணத்தில் முதல் அசை விழுந்துவிடும். "யாருங்க" என்பது "ருங்க" என்று போய்ச் சேரும். பொத்தானை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, "ஆங், யாருங்க?" என்று ஆரம்பியுங்கள். விழுந்தால் "ஆங்" விழட்டும்.

கேட் தெருவோரம் இருந்தால் இன்னொன்றும் நடக்கும். பஸ் ஹாரன் அடித்தால் வெளியே யாரோ பேசுகிறார்கள் என்று எண்ணி இயந்திரம் அந்தப் பக்கத்தையே பிடித்துக்கொள்ளும், உங்கள் குரல் போகாது. சத்தம் ஓய்ந்ததும் மறுபடி முழு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். கத்துவதால் பயனில்லை, கத்தினால் குரல் உடைந்து இன்னும் மோசமாகத்தான் கேட்கும்.

குரல் எப்போதும் மந்தமாகவே இருந்தால் கேட்டில் உள்ள பெட்டியின் மைக் துளையைப் பாருங்கள். கேட்டுக்கு பெயிண்ட் அடித்தபோது துளையும் சேர்ந்து அடைந்திருக்கும், அல்லது குளவி மண் வைத்திருக்கும். ஒரு ஊசியால் மேலாகச் சுத்தம் செய்தால் போதும், ஆழமாகக் குத்திவிடாதீர்கள்.

அப்புறம், எழுத்துகளும் எண்களும். டெலிபோன் வகைக் கம்பியில் ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள்தான் போகும். ஸ், ஷ், ஃப் போன்ற ஒலிகளை வேறுபடுத்திக் காட்டும் பகுதி பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. அதனால் ரமேஷும் ரமேஸும் ஒன்றாகிவிடும். அதைவிடத் தொந்தரவு வீட்டு எண்களில். மூணு பி, மூணு டி, மூணு சி, மூணு ஈ எல்லாம் கம்பியில் "மூணு ஈ" என்றே கேட்கும். எங்கள் குடியிருப்பில் பி வீட்டுக்கு வந்த சாப்பாடு டி வீட்டுக்குப் போவது வாரம் ஒருமுறையாவது நடக்கும். எழுத்தோடு ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்த பிறகு அது குறைந்தது: "மூணு பி, பாம்பே பி", "மூணு டி, டெல்லி டி". காவலர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தோம்.

செக்யூரிட்டி இண்டர்காம்ல "அனுப்பட்டுமா?"ன்னு கேட்டா "சரி"ன்னு சொன்னா போதாதா?

போதாது. "சரி" என்பதை நாம் இரண்டு பொருளில் சொல்கிறோம். ஒன்று சம்மதம், இன்னொன்று நீ சொன்னது காதில் விழுந்தது என்ற ஒப்புதல். "மேடம், ஒருத்தர் வந்திருக்கார், தண்ணி டேங்க் க்ளீனிங்னு சொல்றார்" என்று காவலர் சொல்லும்போது நாம் "சரி..." என்று இழுப்போம். மீதியைச் சொல்லு என்ற பொருளில்தான் இழுக்கிறோம், ஆனால் அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஆளை அனுப்பிவிடுவார்.

"வேணும்", "வேணாம்" இரண்டும் அதைவிட ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு உயிரொலிதான் வித்தியாசம். கரகர லைனில் அது தெரியாது. "ம்", "ம்ஹும்" பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் ஊர்க் குடியிருப்புகளில் காவலுக்கு இருப்பவர்கள் பலர் பீகார், ஒடிசா, அசாம் பக்கத்தில் இருந்து வந்தவர்கள். தமிழைச் சில மாதங்களில் காதால் கற்றுக்கொண்டவர்களிடம் இந்த நுணுக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

அதனால் ஒன்றோடொன்று குழம்பாத இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டோம். சம்மதம் என்றால் "மேலே அனுப்புங்க". இல்லையென்றால் "கீழேயே இருக்கட்டும், நான் வர்றேன்". இரண்டாவதில் "அனுப்ப" என்ற சொல்லே வராது என்பதைக் கவனியுங்கள். "அனுப்பாதீங்க" என்று சொன்னால் லைனில் பின்பாதி விழுந்து "அனுப்பு..." மட்டும் மிஞ்சும் வாய்ப்பு இருக்கிறது. அப்படியே ஒருமுறை நடந்தது.

சந்தேகமாக இருந்தால் "ஃபோனை அவர்கிட்டயே கொடுங்க" என்று கேட்கலாம். வந்தவர் குரலை நேரடியாகக் கேட்டு, மேலே சொன்ன கேள்விகளைக் கேளுங்கள். காவலர் வழியாகக் கேள்வி போய்ப் பதில் வரும்போது நடுவில் பாதி தொலைந்துவிடும். முடிந்ததும் ரிசீவரைக் காவலரிடம் திரும்பக் கொடுக்கச் சொல்லி, முடிவை அவரிடமே சொல்லுங்கள். வந்தவரே "மேடம் அனுப்பச் சொன்னாங்க" என்று காவலரிடம் சொல்லும்படி விடக்கூடாது.

பகல்ல அம்மா மட்டும்தான் வீட்டில இருப்பாங்க. "சார் இருக்காரா?"ன்னு கேட்டு யாராவது வந்தா அவங்க என்ன சொல்லணும்?

என் சொந்த வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். எங்கள் அம்மாவுக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. அப்பா பென்ஷன் வேலையாக வெளியே போயிருந்தார். நான் ஆபீஸில். காலை பதினொரு மணி வாக்கில் கீழிருந்து இண்டர்காம் வந்தது.

"அம்மா, சார் இருக்காரா?"

"இல்லைப்பா, பேங்குக்குப் போயிருக்கார். சாயங்காலம் ஆகும். நான் மட்டும்தான் இருக்கேன். என்ன விஷயம்?"

"வாட்டர் ஃபில்டர் சர்வீஸ்மா. சார்தான் புக் பண்ணியிருந்தார்."

"அப்படியா, வாப்பா, மேலே வா."

வந்தவன் ஃபில்டரைத் திறந்தான், உள்ளே இருந்த கேண்டிலைக் காட்டி அழுக்கு என்றான், வேறொன்றை மாட்டினான், 2,800 ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். பில் கிடையாது. அப்பா எதையும் புக் செய்யவில்லை. ஒப்பந்தப்படி எங்கள் ஃபில்டருக்குச் செய்ய வேண்டிய சர்வீஸை முந்தின மாதம்தான் செய்து முடித்திருந்தார்கள். பணத்தோடு போயிற்று என்று நாங்கள் ஆறுதல் பட்டுக்கொண்டோம். ஆனால் அம்மா பல நாள் தன்னையே நொந்துகொண்டார், எனக்கு அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

அந்த உரையாடலை நானும் அம்மாவும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். அவர் செய்ததில் கெட்டது எதுவுமில்லை, கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னார். ஆனால் ஒரே மூச்சில் நான்கு விஷயங்கள் வெளியே போயிருந்தன: அப்பா இல்லை, எங்கே போயிருக்கிறார், எப்போது வருவார், தான் தனியாக இருக்கிறார். அதற்குப் பிறகுதான் வந்த காரியத்தையே கேட்டிருக்கிறார். வந்தவனோ எதையுமே சொல்லவில்லை. "சார்" என்றானே தவிரப் பெயர் சொல்லவில்லை. எந்தக் கம்பெனி என்றும் சொல்லவில்லை.

பிறகு நாங்கள் அமைத்துக்கொண்ட முறை இது. "சார் இருக்காரா?" என்ற கேள்விக்கு இருக்கிறார், இல்லை என்ற இரண்டு பதிலுமே வேண்டாம். கேள்விக்குக் கேள்வி:

"நீங்க யாருங்க, எங்கிருந்து வர்றீங்க?"

"ஃபில்டர் சர்வீஸ்மா."

"எந்தக் கம்பெனி? யார் பேர்ல புக் ஆயிருக்கு?"

"சார் பேர்லதாம்மா."

"பேரைச் சொல்லுங்க."

இந்த இடத்தில் உண்மையான ஆள் கையில் உள்ள பட்டியலைப் பார்த்துப் பெயரையும் புகார் எண்ணையும் சொல்லிவிடுவார். சொல்ல முடியாதவருக்கு அம்மா சொல்ல வேண்டிய பதில்: "அவர் இப்போ வர முடியாதுங்க. உங்க பேரும் நம்பரும் செக்யூரிட்டிகிட்ட எழுதி வைங்க, நாங்களே கூப்பிடறோம்." அவர் இப்போ வர முடியாது என்பது பொய்யில்லை. குளித்துக்கொண்டிருந்தாலும் அதே வாக்கியம், பேங்கில் இருந்தாலும் அதே வாக்கியம். பொய் சொல்ல வாய் வராது என்று சொன்ன அம்மாவுக்கு இந்த ஒரு வாக்கியம் மிகவும் பிடித்துப்போயிற்று.

"நாங்க" என்பதையும் கவனியுங்கள். "நான் கேட்டுச் சொல்றேன்" என்றால் ஒருவர், "நாங்க கேட்டுச் சொல்றோம்" என்றால் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் வசதி அது.

இதை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி இண்டர்காம் பக்கத்தில் ஒட்டினோம். மூன்றே வரி: யாருங்க, எங்கிருந்து? யார் பேர்ல? அவர் இப்போ வர முடியாதுங்க. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே போய் இண்டர்காமில் கூப்பிட்டு அம்மாவோடு பழகிப் பார்த்தேன். நான்காவது வாரம் என்னையே மேலே விட மறுத்தார். மூன்று மாதம் கழித்து அதே மாதிரி இன்னொரு ஃபில்டர் ஆள் வந்தபோது, பெயரைக் கேட்டதும் அவன் வேறு பிளாக் என்று சொல்லிப் போய்விட்டான்.

டெலிவரி வந்திருக்குன்னு சொல்லி ஓடிபி கேக்கறாங்க. இண்டர்காம்லயே சொல்லிடலாமா?

வேண்டாம். ஓடிபி என்பது பொருள் கைக்கு வந்துவிட்டது என்று நீங்கள் போடும் கையெழுத்து. பொருளைப் பார்க்காமல் அதைச் சொன்னால், வராத பொருளும் வந்ததாகக் கணக்கில் ஏறிவிடும். கேட் ஸ்பீக்கரில் சொன்னால் பக்கத்தில் நிற்கும் எல்லோர் காதிலும் விழும். "பார்சலைப் பார்த்துட்டு சொல்றேங்க, ஒரு நிமிஷம்" என்று சொல்லிக் கீழே இறங்குங்கள். இறங்க முடியாதவர்கள், காவலர் பார்சலைக் கையில் வாங்கி, மேலே ஒட்டியிருக்கும் பெயரைப் படித்துச் சொன்ன பிறகு கொடுக்கலாம்.

கேஸ் சிலிண்டருக்கும் இதே கதைதான். பதிவு செய்த எண்ணுக்கு வரும் டெலிவரி குறியீட்டைச் சிலிண்டர் வாசலுக்கு வந்து, சீல் பார்த்து, எடை பார்த்த பிறகு சொல்லுங்கள். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்க வேண்டும். காலி எடை சிலிண்டரிலேயே எழுதியிருக்கும், இரண்டையும் கூட்டினால் தராசு எவ்வளவு காட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

நாம் எதுவும் ஆர்டர் செய்யாதபோது "கேஷ் ஆன் டெலிவரி பார்சல்" என்று ஒருவர் வந்தால் "யார் பேருக்கு வந்திருக்கு, எந்தக் கடையில இருந்து?" என்று கேளுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கு ஃபோன் செய்து கேட்டுவிட்டு, யாரும் ஆர்டர் செய்யவில்லை என்றால் "நாங்க புக் பண்ணலைங்க, திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க" என்றால் முடிந்தது.

ஈபி, போலீஸ்னு சொல்லி வந்தா? அவங்ககிட்டயும் கேள்வி கேக்கலாமா?

கேட்கலாம். தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். மீட்டர் கீழே பொதுப் பலகையில் இருந்தால் கணக்கெடுப்பவர் உங்கள் வீட்டுக்குள் வரத் தேவையே இல்லை. "மீட்டர் கீழே இருக்குங்க, செக்யூரிட்டி காட்டுவார்" என்று சொல்லிவிடலாம். பில் பாக்கி, இப்போதே பணம் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவோம் என்று வாசலில் யாராவது சொன்னால் பணம் கொடுக்காதீர்கள். மின்னகம் எண் 94987 94987-ல் கூப்பிட்டு உங்கள் இணைப்பு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

போலீஸ் என்றால் "உங்க பேரும் எந்த ஸ்டேஷன்னும் சொல்லுங்க சார்" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை. சந்தேகம் இருந்தால் 100 அல்லது 112-ல் கூப்பிட்டு, இந்தப் பெயரில் ஆள் வந்திருக்கிறார், அனுப்பியிருக்கிறீர்களா என்று கேட்கலாம். "ஸ்டேஷனுக்கு ஒரு ஃபோன் பண்ணிட்டு வந்துடறேன் சார்" என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள்.

பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்து ஒரு மணி நேரம் தனியா இருப்பாங்க. அவங்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கறது?

சின்னப் பிள்ளைகளுக்குக் கேள்விகளைக் கற்றுக்கொடுப்பதைவிட இண்டர்காமை எடுக்காமல் இருக்கக் கற்றுக்கொடுப்பது நல்லது. காவலரிடம் "நாலரை மணி முதல் ஆறு மணி வரை எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் என் மொபைலுக்குக் கூப்பிடுங்க" என்று சொல்லி எழுதிவைத்துவிடுங்கள். காலிங்பெல் மட்டும் உள்ள வீடு என்றால் ஒரே வாக்கியம்: "அம்மா வேலையா இருக்காங்க, அப்புறம் வாங்க." அதற்கு மேல் வெளியில் இருந்து எது கேட்டாலும் பதில் பேச வேண்டாம், உடனே அம்மாவுக்கு ஃபோன்.

வீடு தேடி வந்தவங்களை வாசல்ல நிக்க வச்சு விசாரிக்க மனசு உறுத்துது. எப்படிச் சமாளிக்கிறது?

உறுத்த வேண்டும்தான். நம் வீடுகளில் வந்தவர் காதில் விழ வேண்டிய முதல் சொல் "வாங்க". அந்தச் சொல்லைத் தள்ளிப்போடுகிறோம் என்பதால்தான் மனம் சங்கடப்படுகிறது. அதனால் விசாரிப்பு சுருக்கமாக இருக்கட்டும், மூன்று கேள்விக்கு மேல் போகவேண்டாம். ஆள் தெரிந்துவிட்ட அந்த நொடியில் "வாங்க" என்பதை முழு மனதோடு, பெயரையும் உறவையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "அட, வாங்க பெரியப்பா! மூணாவது மாடி, லிஃப்ட் வலது பக்கம் இருக்கு." முன்னால் கேட்ட கேள்வியெல்லாம் அதில் கரைந்துவிடும். பெரியப்பா மேலே வந்ததும் கதவு ஏற்கெனவே திறந்திருக்க வேண்டும். கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை என்று இரண்டு தடவை மணி அடிக்க வைப்பதுதான் உண்மையில் மனதை நோகடிக்கும்.

காத்திருக்கச் சொன்னால் எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்து, புடவை மாற்றி, பத்து நிமிடம் கழித்து வருவதைவிட "பூஜையில இருக்கேங்க, பத்து நிமிஷம் ஆகும், உட்காருங்க" என்பது மேல். அதற்கு கேட் பக்கத்தில் உட்கார ஏதாவது இருக்க வேண்டும். நாங்கள் காவலர் அறைக்கு வெளியே நிழலில் ஒரு பெஞ்சும், வெயில் காலத்தில் ஒரு மண்பானைத் தண்ணீரும் வைத்தோம். மே மாதம் மதியம் டெலிவரிக்கு வரும் பையன்கள் அந்தப் பெஞ்சில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போவதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருக்கும்.

விற்பனைக்கோ நன்கொடைக்கோ வந்தவரிடம் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். நாம் மென்மையாக மறுத்ததாக நினைப்போம், அவர் உண்மையாகவே அப்புறம் வருவார். வெயிலில் இன்னொரு முறை அவரை நடக்கவைத்ததாகிவிடும். "வேண்டாங்க, நன்றி" என்று ஒரே தடவையில் சொல்லிவிடுவதுதான் அவருக்கும் நல்லது.

பொத்தானை அழுத்தினா கேட் திறக்கிற மாதிரி வச்சிருக்கோம். திறக்கும்போது ஏதாவது சொல்லணுமா?

சொல்லணும். மின்பூட்டு சில நொடிகள்தான் விடுபட்டு இருக்கும், அதற்குள் தள்ள வேண்டும் என்று வந்தவருக்குத் தெரியாது. "டக்குன்னு சத்தம் கேட்டதும் தள்ளுங்க, உள்ளே வந்து சாத்திடுங்க" என்று சொல்லிவிட்டு அழுத்துங்கள். சாத்தச் சொல்வது முக்கியம். அந்தக் கதவு யாருக்காகத் திறந்தது என்று அதற்குத் தெரியாது, பின்னால் நிற்பவரும் கூடவே வந்துவிடுவார். "கூட யாராவது இருக்காங்களா?" என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளலாம். உறவினர் என்றால் அது இயல்பான கேள்விதான், எத்தனை பேருக்குக் காபி வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நாமே இன்னொருத்தர் வீட்டு கேட்ல நிக்கும்போது எப்படிப் பேசணும்?

மணியை ஒருமுறை அடித்துவிட்டு முப்பது நொடியாவது பொறுங்கள். உள்ளே இருப்பவர் வயதானவராக இருந்தால் எழுந்து வர அவ்வளவு நேரம் ஆகும். பெட்டியில் இருந்து ஒரு அடி தள்ளி, அதன் நேராக நின்று பேசுங்கள், வாயை ஒட்டி வைத்தால் குரல் உடையும். "யாருங்க?" என்று கேட்டதும் பெயர், உறவு, ஊர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்: "மாமி, நான் கீதா, தாம்பரம் சரோஜாவோட பொண்ணு. அம்மா முறுக்கு கொடுத்து அனுப்பினாங்க." சொல்லிவிட்டு, உள்ளே கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தால் முகம் தெரிகிற இடத்துக்கு ஒரு எட்டு பின்னால் வந்து, வெளிச்சத்தில் நில்லுங்கள்.